புது நம்பரில் வந்த மகன்

காரைக்கால்மேட்டில் அஞ்சுகத்திடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. துறைமுகத்தில் மீனை ஏலம் எடுத்து, பதினெட்டு வருடமாகக் கோவில்பத்துத் தெருக்களில் கூவி விற்கிறாள். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனை வாங்கியதில்லை. மனுசங்களையும் அப்படித்தான் பார்ப்பேன் என்று பெருமையடித்துக்கொள்வாள். மகன் சிவபாலனை மட்டும் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

புருஷன் செத்து நாலு வருடம். அவன் விட்டுப்போனது ஒரு ஃபைபர் படகு. அதைத் தன் பெயருக்கு மாற்ற மீன்துறை அலுவலகத்துக்கு ஒன்பது முறை நடந்தாள். படகை ஓட்டுவது புருஷனின் தம்பி பூமிநாதன். பங்கைக் கொடுப்பான், கொடுக்கும்போது முகத்தைச் சுளிப்பான். பொம்பளைக்கு எதுக்குப் படகு என்று அவன் கரையில் பேசித் திரிவது அவள் காதுக்கு வராமலா இருக்கும்? அவளும் பதிலுக்கு நாலு தெரு கேட்கத் திட்டுவாள். சிவபாலன் குவைத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறான். வந்ததும் படகு அவனுக்கு. அந்த ஒரு நினைப்பில்தான் அவள் பூமிநாதனைப் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் போனில் வாட்ஸ்அப் செய்தி ஒன்று வந்தது. தெரியாத குவைத் நம்பர், படத்தில் சிவபாலன் முகம். செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கும் மகள் ஜெயப்ரியா வாசித்தாள்.

"அம்மா நான் சிவா. போன் தொலஞ்சு போச்சு. இது புது நம்பர். சித்தப்பா ஒரு பேப்பர் கொண்டு வருவாரு. கையெழுத்து போட்டு, படகோட ஆர்.சி. புக்கையும் அவருகிட்ட குடுத்துடு. அப்புறம் பேசுறேன்."

வாசித்து முடிப்பதற்குள் வாசலில் பைக் சத்தம். பூமிநாதன் வந்து இறங்கினான். பின்னால், பத்திரம் எழுதுகிற வைத்தியலிங்கம், மடித்த காகிதத்தோடு. அஞ்சுகத்துக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது.

"மெசேஜு வந்து வாய மூடல, அதுக்குள்ள பேப்பரா? எவனப் புடிச்சு எம் புள்ள பேர்ல எழுத வச்ச?"

"அண்ணி, நாக்க அடக்கிப் பேசுங்க. ஒங்க புள்ளதான் எழுதிருக்கான்."

"எம் புள்ள படம் ஊர்ல எல்லார் போன்லயும்தான் இருக்கு. ஒட்டிக்கிட்டா அவன் ஆயிடுவானா?"

ஜெயப்ரியா அண்ணனின் பழைய நம்பருக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. புது நம்பருக்கு அடித்தாள். ரெண்டு முறை ஒலித்ததும் அழைப்பு துண்டிக்கப்பட்டு, 'ட்யூட்டில இருக்கேன், பேச முடியாது' என்று எழுத்தில் பதில் வந்தது.

"வெள்ளிக்கிழம ட்யூட்டியா?" அஞ்சுகம் எழுந்தே விட்டாள். "வெள்ளிக்கிழம அவனுக்கு லீவுன்னு இந்தத் தெரு நாய்க்குக்கூடத் தெரியுமேடா! பொய் சொல்றதுன்னாலும் வெசாரிச்சிட்டுச் சொல்லு!"

வைத்தியலிங்கம் இருமினார். தனக்கு இதெல்லாம் அத்துப்படி என்று காட்டுகிற இருமல். "சண்ட வேணாம். வாட்ஸ்அப்ல பாதுகாப்புக் கோடுன்னு ஒண்ணு இருக்குது. மேல நம்பரத் தொட்டு உள்ள போயி, என்க்ரிப்ஷன்னு இருக்கறதத் தொட்டா அறுபது எண்ணு வரும். அவனுக்கும் அதே வரணும். அனுப்பச் சொல்லு, ஒத்துப் போச்சுன்னா அவன்தான்."

ஜெயப்ரியா அந்த நம்பருக்கு எழுதிக் கேட்டாள். ஒரு நிமிடத்தில் அந்த நம்பரிலிருந்து அறுபது எண்களின் படம் வந்தது. ஒன்று விடாமல் பொருந்தியது.

"பாத்தியா?" என்று பூமிநாதன் காகிதத்தை விரித்தான்.

"எதப் பாக்குறது சித்தப்பா?" என்றாள் ஜெயப்ரியா. "இந்தச் சாட்டுக்கு அந்தப் பக்கம் எவன் ஒக்காந்திருந்தாலும் அவன் போன்லயும் இதே எண்ணுதான் காட்டும். திருடனக் கூப்புட்டு நீ யாருன்னு அவன்கிட்டயே கேட்ட கதையா இருக்கு. இத அண்ணன் வாயால, நமக்குத் தெரிஞ்ச வேற ஒரு நம்பர்லேருந்து சொல்லணும். அப்பதான் கணக்கு."

வைத்தியலிங்கம் திரும்பவும் இருமினார். இந்த முறை வெறும் இருமல்.

குவைத்தில் சிவபாலனோடு ஒரே அறையில் தங்கியிருப்பவன் அஸ்ஃபாக், காரைக்கால் பையன். ரெண்டு பேரும் ஒன்றாக விமானம் ஏறிய அன்றிலிருந்து அவன் நம்பர் அஞ்சுகத்தின் போனில் இருக்கிறது. ஜெயப்ரியா தன் போனிலிருந்து அந்த நம்பருக்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டாள். அங்கே விடிகாலை. தூக்கக் குரலில் அஸ்ஃபாக், "ஹலோ, யாரு?" என்றான்.

"சிவாவோட அம்மா பேசுறேன் தம்பி. அவன் எங்கப்பா?"

"இங்கதாம்மா, பக்கத்துக் கட்டில்ல. முழிச்சுதான் இருக்கான். டேய், அம்மாடா."

அந்தப் பக்கம் போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ம்மா" என்றது சிவபாலனின் குரல். மூணு வயதில் கேட்டபோதும் முப்பதை நெருங்கும்போதும் அவளுக்கு ஒன்றாகவே கேட்கிற குரல். அஞ்சுகத்துக்கு உயிர் வந்தது. "சாமி, யாரோ ஒம் பேர்ல எழுதுறாம்பா. படக இந்த ஆளுகிட்ட குடுக்கணுமாம்."

அஞ்சுகம் பூமிநாதனை முறைத்துக்கொண்டே சொன்னாள்:

"நீ எழுதலைன்னு ஒரு வார்த்த சொல்லு, இவன ஓட விடுறேன்."

"நாந்தாம்மா எழுதுனேன்."

அவள் நம்பவில்லை. யாரோ பக்கத்தில் நின்று மிரட்டுகிறார்கள், இவன் பயந்து சொல்கிறான் என்றே நினைத்தாள். "ஜெயா, அந்த அறுபது எண்ணையும் படிக்கச் சொல்லு. அவன் கையில உள்ள போன்லேருந்து படிக்கட்டும்" என்றாள்.

சிவபாலன் அஸ்ஃபாக்கின் போனைக் காதில் வைத்துக்கொண்டு தன் போனைப் பார்த்துப் படித்தான். ஐந்தைந்தாகப் பன்னிரண்டு கட்டு. ஒவ்வொரு கட்டுக்கும் ஜெயப்ரியா அம்மாவின் போனைப் பார்த்து, "சரி" என்றாள். ஒரு எண்ணாவது தப்பிவிடாதா என்று அஞ்சுகம் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். ஏழாவது கட்டில் அவன் தடுமாறியபோது அவள் முகம் மலர்ந்தே விட்டது. அவன் திரும்பச் சரியாகப் படித்தான். பன்னிரண்டும் சரி. ஜெயப்ரியா கடைசி 'சரி'யை மெதுவாகச் சொன்னாள்.

அஞ்சுகம் மகளின் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "போனு எப்படா தொலஞ்சிச்சு?"

"தொலையலம்மா. பழைய சிம்ம இன்னைக்கு நாந்தான் அணச்சு வச்சேன்."

"ஒஞ் சித்தப்பன்கிட்ட இந்த நம்பர்ல எத்தன நாளாப் பேசுற?"

"ரெண்டு மாசம்." பிறகு வேகமாகச் சொன்னான்: "நான் திரும்பிக் கடலுக்குப் போவ மாட்டேம்மா. சித்தப்பாவுக்குப் படக வித்தா அந்தக் காசுல இங்க வேற கம்பெனிக்கு மாறிப்பேன். நேர்ல கேட்டா நீ ஊரக் கூட்டுவ. அதான் எழுதுனேன்."

அவள் ஊரைக் கூட்டவில்லை. போனை மகளிடம் கொடுத்தாள். பூமிநாதன் பேனாவை நீட்டி, "இப்பவாவது நம்புறீங்களா அண்ணி?" என்று இளித்தான்.

"எழுதுனது அவன்தான்னு நம்புறேன். படகு எம் பேர்ல இருக்கு. கையெழுத்து கெடையாது. பேப்பர எடுத்துக்கிட்டு எறங்கு."

அவன் கத்தினான், நாளையிலிருந்து கடலுக்குப் போகாமல் படகைக் கரையேற்றிவிடுவதாக மிரட்டினான். அவள் காதில் விழவில்லை. பைக் போனபின் ஜெயப்ரியா அம்மாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"இந்த நம்பர என்ன பண்றதும்மா? பிளாக் பண்ணிடவா?"

"எதுக்கு?" அஞ்சுகம் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "சிவபாலன்னே பேர் போடு. அவந்தான்னு சரிபாத்தாச்சே."