ஈர மூட்டையின் எடை

யாரோ ஒரு மருந்துக்கடைக்காரரின் மச்சினி ஆறு மாதம் ஓடியே தைராய்டை விரட்டிவிட்டாளாம். பன்னிரண்டு கிலோ இறங்கியதாம், மாத்திரை டப்பாவைக் குப்பையில் வீசிவிட்டாளாம். ஓட்டல் சலவைக்கூடத்தில் துணி உலர்த்துகிறவள், தன் பக்கத்து வீட்டுக்காரி சொன்னதாகச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கதையை வீட்டுக்குச் சுமந்துபோனவள் அதே கூடத்தில் படுக்கை விரிப்புகளை எடைபோட்டு எழுதுகிறவள். கால் ஓயாமல் நடப்பதால் அவளுக்கு ‘எஞ்சின்’ என்று பேர். வீட்டில் அவளுடன் இருந்தது தங்கை மட்டும். தங்கைக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. தைராய்டு குறைவு என்று மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது, அளவு இன்னும் சரியாக அமையவில்லை. சாயங்காலம் வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். அக்காவுக்கு அதற்கு ஒரே பேர்தான்: சோம்பல்.

மறுநாளிலிருந்து தினமும் விடியற்காலையில் மைதானம். நாலாம் நாள் மூன்றாவது சுற்றில் தங்கை கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அக்கா, கால் இழுக்குது. இன்னிக்குப் போதும்.”

“நேத்தும் முடியலன்ன, முந்தாநாளும் முடியலன்ன. அந்த மச்சினிக்கு மட்டும் இரும்புக் காலா?”

“அவள நீ பாத்திருக்கியா?”

“உன்னத்தான் தினம் பாக்கறேனே. எழுந்திரு, மூட்டை.”

நடந்துகொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். தங்கை எழுந்து ஓடினாள். அன்று வேலைக்குப் போக முடியவில்லை, அடுத்த நாளும்.

சனிக்கிழமைதோறும் அக்கா அவளைச் சலவைக்கூடத்துத் தராசில் ஏற்றினாள். நாலு வாரத்தில் முள் அரைக் கிலோதான் இறங்கியது. “நான் இல்லாதப்ப என்னத்தத் தின்னுட்டு வரே?” என்று கேட்டாள். சுவரில் துணி மூட்டைகளின் எடையை எழுதும் கரும்பலகையில், ஆறாவது மூட்டைக்குக் கீழே, ‘ஏழாவது மூட்டை’ என்று எழுதித் தங்கையின் எடையைப் போட்டாள். வேடிக்கைக்குத்தான். உலர்த்துகிறவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தங்கை பலகையைப் படித்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். மறு மாதமே வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். அக்காவின் அழைப்புகளை எடுப்பதே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து எஞ்சின் நின்றது. வெக்கையான கூடத்தில் நின்றும் குளிர்ந்தது, சீப்பில் முடி கொத்தாக வந்தது, விரிப்பை உதறத் தூக்கிய கை பாதியில் இறங்கியது. “எஞ்சினுக்கு எண்ணெய் தீந்துபோச்சா?” என்று உலர்த்துகிறவள் கேட்டாள். அக்கா பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். தங்கைக்கு வந்த அதே குறைதான்.

மருத்துவமனையில் நர்ஸ் சீட்டைப் படித்துக் காட்டினாள். “காலையில வெறும் வயித்துல, தண்ணியோட போடுங்க. காபிக்கு அரை மணியாவது, முடிஞ்சா ஒரு மணி நேரம் பொறுங்க. ஆறேழு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் பாக்கணும்.”

“ஓடினா சீக்கிரம் சரியாயிடுமா?”

“ஓட்டம் உடம்புக்கு நல்லது, தைராய்டுக்கு மருந்து இல்ல. இப்போதைக்குப் பத்து நிமிஷம் நடங்க, பேசிக்கிட்டே நடக்கிற வேகத்துல. தெம்பா இருக்கேன்னு ஒரு நாள் சேத்து நடந்துடாதீங்க. மறுநாள் படுத்துட்டீங்கன்னா, முந்தின நாள் நடந்தது அதிகம்னு அர்த்தம். குறைச்சுக்கங்க. மெதுவாக் கூட்டுங்க.”

“எடை?”

“இதனால ஏறினது பெரும்பாலும் ரெண்டு மூணு கிலோ, மிஞ்சினா நாலஞ்சு. அதுலயும் உப்பும் தண்ணியும்தான் ஜாஸ்தி. மருந்தளவு சரியானா அது கொஞ்சம் இறங்கும். மத்தது எல்லாருக்கும்போல மெதுவாத்தான். முள்ளு நகரலன்னா நீங்க ஏமாத்தறீங்கன்னு இல்லம்மா.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். சலவைக்கூடத்தில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது: ஒரே விரிப்பு ஈரத்தில் ஒரு எடை, காய்ந்தால் வேறு எடை. நனைந்த மூட்டைக்குப் பக்கத்தில் ‘ஈரம்’ என்று எழுதாமல் விட்டால் வேலையே போய்விடும். இத்தனை வருஷத்தில் ஒரு மூட்டைக்கும் எழுதத் தவறியதில்லை. ஏழாவதைத் தவிர.

ஐந்தாவது வாரம், மதிய இடைவேளை. பின்கட்டு நடைபாதையில் பன்னிரண்டு நிமிஷம் நடக்கலாம் என்று கிளம்பினாள். முன்தினம் பதினெட்டு நடந்ததன் வினை, தொடையில் இன்னும் கனத்தது. பாதியிலேயே துணிக்கூடைமேல் உட்கார்ந்தாள். எழுந்திரு என்று அதட்ட யாரும் இல்லை.

உலர்த்துகிறவள் எட்டிப் பார்த்தாள். “முடியலியா, அக்கா?”

“முடியல” என்றாள். அந்த வார்த்தையைச் சொல்வது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. தங்கை அதை எத்தனை முறை சொல்லியிருப்பாள்.

செல்போனை எடுத்துத் தங்கையின் எண்ணை அழுத்தினாள். என்ன சொல்வதென்று நடக்கும்போது ஒத்திகை பார்த்திருந்தாள், எல்லாம் மறந்துபோயிற்று. மணி அடித்தது. உள்ளே யாரோ ஈர மூட்டையைத் தராசில் பொத்தென்று போட்டார்கள். அவள் மறு காதைப் பொத்திக்கொண்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.