குறுக்குக் கோடு

காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்தபோது நடந்தது. இன்றும் நினைத்தால் எரிகிறது.

உள்மதிப்பீட்டுத் தேர்வு. ஒரே கட்டுரை, நாற்பது நிமிடம், இருபது மதிப்பெண். பதினைந்து வாங்கினால்தான் ஆய்வேடு எழுதலாம். வாங்காதவர்கள் அதற்குப் பதிலாக இன்னொரு தாள் படிக்க வேண்டும். எனக்கு ஆய்வேடு வேண்டும். எல்லை தாண்டினால் மாறும் வரியைப் பற்றி எழுத வேண்டுமென்று ஒரு வருடமாக மனசுக்குள் வைத்திருந்தேன்.

காரணம் அப்பா. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கோரிமேட்டில் பெட்ரோல் பங்க்கில் வேலை. எங்கள் பக்கம் வரி குறைவு என்பதால் தமிழ்நாட்டு வண்டிகள் வரிசை கட்டி வந்து நிரப்பிக்கொண்டு போகும். "அவன் ஊரு வரி இங்க வந்து விழுது பாரு" என்று அப்பா சிரிப்பார்.

எங்கள் பேராசிரியர் 'அரசுத் திறனும் பொருளாதார வளர்ச்சியும்' என்று மூன்று பக்கக் குறிப்பு கொடுத்திருந்தார். வகுப்பே ஜெராக்ஸ் எடுத்து மனப்பாடம் செய்தது. நானும்தான். வரி வசூலிக்கும் திறன், சட்டத்தை நடைமுறைப்படுத்தும் திறன், சேவையைக் கடைசி ஆள் வரை கொண்டு சேர்க்கும் திறன். உதாரணத்துக்குக் கிழக்கு ஆசிய நாடுகள். ஆகவே திறனுள்ள அரசே வளர்ச்சிக்கு அடித்தளம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

தேர்வறையில் தாளைத் திருப்பியதும் 'அரசுத் திறன்' என்ற சொல் கண்ணில் பட்டது. கை தானாக எழுத ஆரம்பித்துவிட்டது. பதினேழாவது நிமிடத்தில், இரண்டு பக்கம் முடிந்த பிறகுதான், கேள்வியை ஒழுங்காகப் படித்தேன். திறன் வளர்ச்சியைத் தருகிறதா, வளர்ச்சிதான் திறனைத் தருகிறதா, எப்படிச் சொல்வாய் என்று கேட்டிருந்தது. நான் எழுதிய இரண்டு பக்கத்தில் அதற்குப் பதிலே இல்லை. முடிவை மட்டும் கடைசியில் ஒட்டியிருந்தேன்.

சுற்றிலும் பார்த்தேன். அத்தனை பேரும் அதே குறிப்பைத்தான் சரசரவென்று எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. என் மேலேயே. இரண்டு பக்கத்துக்கும் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தேன்.

மீதி இருபத்துமூன்று நிமிடம். பணக்கார நாட்டுக்கு நல்ல அதிகாரிகளை வைத்துச் சம்பளம் கொடுக்க வசதி உண்டு. ஆகவே இரண்டும் சேர்ந்து இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று சொல்ல முடியாது. வளர்ச்சியோடு சம்பந்தமில்லாத காரணத்தால் திறன் மாறிய இடத்தைத் தேடிப் பிடித்து, பிறகு அங்கே வளர்ச்சி என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். அடுத்து, திறனை எதை வைத்து அளப்பது? நாட்டு வருமானத்தில் வரியின் பங்கை வைத்தா? அப்படியானால் கோரிமேட்டு பங்க்கைப் பாருங்கள் என்று எழுதினேன். வரியைக் குறைவாக வைப்பது வசூலிக்கத் தெரியாததால் அல்ல, அப்படி முடிவெடுத்ததால். இயலாமை வேறு, விருப்பம் வேறு. அந்த அளவுகோல் இரண்டையும் ஒன்றாகக் காட்டும். கடைசி வாக்கியத்துக்குப் புள்ளி வைக்கும்போது மணி அடித்தது. இத்தனை வருடப் படிப்பில் முதல் தடவையாக நானே யோசித்து ஒன்று எழுதியிருந்தேன்.

ஒரு வாரம் கழித்துத் தாள் வந்தது. பதினொன்று.

அதுகூடப் பரவாயில்லை. கோடு போட்ட இரண்டு பக்கத்தின் ஓரத்திலும் பென்சிலில் வரிசையாக டிக் இருந்தது. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது. அதற்குப் பிறகு நான் எழுதியதில் ஒன்றுகூட இல்லை.

பேராசிரியர் அறைக்குப் போனேன்.

"இத ஏம்மா அடிச்ச? எல்லா பாயிண்டும் வந்திருக்கே. அடிச்சதுக்கு மார்க் போட முடியாது, அது ரூல். இல்லன்னா பதினாறு போட்டிருப்பேன்."

"அது கேள்விக்குப் பதில் இல்ல சார். அதான் அடிச்சேன். அதுக்கப்புறம் எழுதனதப் படிச்சீங்களா?"

"படிச்சேனே. பெட்ரோல் பங்க்னு என்னமோ எழுதியிருக்க. இதெல்லாம் நியூஸ் பேப்பர்ல வர்ற சமாச்சாரம்மா. தியரி எங்க?"

கேள்வித்தாளைத் தயாரித்தவரே அவர்தான். தான் கேட்ட கேள்வியை அவரே படிக்கவில்லை. இதை முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும். "சரி சார்" என்றேன்.

படியிறங்கும்போது எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது: அடிக்காமல் விட்டிருக்கலாமே. அவரைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன். அந்த நினைப்பை நினைத்த என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

ஆய்வேடு போயிற்று. பதிலுக்குக் கிடைத்த தாளுக்கும் அவர்தான் ஆசிரியர், அதற்கும் குறிப்பு கொடுத்தார். அந்தத் தாளின் முதல் தேர்வில் கேள்வியை இரண்டாம் முறை படிக்கவே இல்லை. குறிப்பை வரி மாறாமல் எழுதி வைத்துவிட்டு வந்தேன்.

பதினேழு போட்டார். வகுப்பில் தாளைத் தூக்கிக் காட்டி, "இப்பதாம்மா யோசிச்சு எழுதியிருக்க" என்றார்.