மன்னிப்பு அக்காவின் அனுப்பாத செய்தி

எங்கள் கம்பெனி செய்தி அனுப்பும் செயலி ஒன்றை நடத்துகிறது. செயலி ஒழுங்காக ஓடும் நாளில் நாங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது. அது படுத்துக்கொண்டால் மட்டும் உலகமே எங்களுக்குக் கடிதம் போடும். அந்தக் கடிதங்களுக்குப் பதில் எழுதும் அறையில் என் பக்கத்து நாற்காலிக்காரர் மன்னிப்பு அக்கா. காலையில் "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஆரம்பித்தால், சாயங்காலம் பையைத் தோளில் மாட்டும்வரை ஓயாமல் வருந்துவார். மேலிடத்து உத்தரவு ஒன்று உண்டு: வருந்தலாம், தப்பு எங்களுடையது என்று மட்டும் எழுதக் கூடாது. அந்த வித்தையில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. திட்டி எழுதியவர்களே கடைசியில் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

வருத்தத்துக்கு அடுத்த வரி எங்கள் சர்வரோக நிவாரணி: "செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள்." திரை கறுத்தாலும் அதுதான், மணி அடிக்காவிட்டாலும் அதுதான். எழுதுகிறவருக்கும் யோசனை வேண்டாம், படிக்கிறவருக்கும் ஏதோ செய்த திருப்தி.

இப்படி ஊருக்கெல்லாம் மன்னிப்பை வாரி வழங்கிய அக்காவுக்குச் சொந்தத் தங்கையிடம் ஒரு வார்த்தை பேச வரவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தங்கை கடைசி நாளில்தான் வந்து சேர்ந்தாள். சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், "விருந்தாளி மாதிரி வந்திருக்க, விருந்தாளி மாதிரியே கிளம்பிடு" என்று அக்கா சொல்லிவிட்டார். அவளும் கிளம்பிவிட்டாள். பிறகு ஒருநாள் சித்தி போகிறபோக்கில் விஷயத்தைப் போட்டு உடைத்தார்: "ஒண்ணுமில்ல, லீவு போட்டு வராதே" என்று அப்பாவே சின்னவளிடம் போனில் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அக்கா எங்கள் செயலியிலேயே தங்கைக்கு மன்னிப்புச் செய்தி எழுத ஆரம்பித்தார். எழுதினார், திருத்தினார், அழகுபடுத்தினார். அனுப்புவதைத் தவிர எல்லாம் செய்தார்.

இதற்கிடையில் தங்கைக்கும் அவள் கணவனுக்கும் வேறு நாட்டில் வேலை கிடைத்து, சனிக்கிழமை பயணம் என்று சித்தி மூலமாகவே சேதி வந்தது. புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அக்கா என்னிடம், "இன்னைக்கு அனுப்பிடறேன்" என்றார். நான் இதை ஏற்கெனவே பலமுறை கேட்டிருந்ததால் தயிர்சாதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

எங்கள் கம்பெனி அந்த நேரம் பார்த்துத்தான் செயலியின் புதுப் பதிப்பை வெளியிட்டது. அக்கா செயலியைத் தொட்டார். திறந்தது, உடனே மூடிக்கொண்டது. மறுபடி தொட்டார், மறுபடி மூடிக்கொண்டது. எங்கள் கணினிகளில் புகார்கள் கொட்ட ஆரம்பித்தன. அக்காவின் விரல்கள் யாரையும் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக ஊருக்குச் சொன்ன வைத்தியத்தைத் தன் போனுக்கே செய்துவிட்டன. நீக்கினார், நிறுவினார், காப்புப் பிரதியிலிருந்து பழைய உரையாடல்களை மீட்டார். செயலி ஜம்மென்று திறந்தது.

"பாத்தியா? நம்ம வைத்தியம் பொய்க்காது" என்று என்னிடம் பெருமை அடித்துக்கொண்டே தங்கையின் பக்கத்தைத் திறந்தார். பழைய செய்திகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. எழுதும் பெட்டி மட்டும் காலி.

அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. செயலியை எழுதுகிறவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு வந்தேன். எதைக் கேட்டாலும் முதலில், செயலி தன் நடப்பைக் குறித்துவைக்கும் பதிவைக் கேட்டு "லாக் அனுப்புங்க" என்பதால் அவர் பெயர் லாக்கு.

"அனுப்பாத வரைவு சர்வருக்கே வராதுக்கா. உங்க போன்ல, செயலியோட சொந்த இடத்துலதான் இருக்கும்" என்றார் லாக்கு. "செயலி மூடிக்கிட்டதால அது அழியல. நீங்க நீக்கினப்பதான் அந்த இடமே மொத்தமா போச்சு."

"காப்புப் பிரதில?"

"அனுப்பினதும் வந்ததும்தான் அதுல சேரும். வரைவைச் சேர்க்கணும்னு நமக்கு யாருக்கும் தோணல."

"அப்ப நான் என்ன பண்ணியிருக்கணும்?"

"சும்மா இருந்திருக்கணும். சரி பண்ணின பதிப்பு இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடும். அதை அப்படியே மேலே போட்டிருந்தா வரைவும் இருந்திருக்கும்."

சும்மா இருங்கள் என்ற வரி எங்கள் பதில் தொகுப்பிலேயே கிடையாது. அதை எழுதினால் எங்களுக்கு எதற்கு நாற்காலி?

"ஞாபகத்துலேர்ந்து திருப்பி எழுதுங்களேன்" என்றேன்.

"மண்டையில நிக்கிற மாதிரி இருந்தா அதை ஏன்டி போன்ல வெச்சிருக்கப் போறேன்? எத்தனை தடவை திருத்தினேன் தெரியுமா? சனிக்கிழமைக்குள்ள எங்கேர்ந்து வரும்?" அக்கா மூக்கை உறிஞ்சினார். வருந்துகிறோம் என்று சொல்ல அப்போது அங்கே ஆள் இல்லை.

லாக்கு கொஞ்சம் யோசித்தார். "எப்பவாவது ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எழுதினீங்களா? கம்ப்யூட்டர் வரைவு தனி. அது போனுக்குப் போகாது, போன்ல இருக்கிறது இங்க வராது."

அக்கா மூக்குறிஞ்சுவதை நிறுத்தினார். சித்தி விஷயத்தைச் சொன்ன அன்றைக்கு, தன் மேலேயே வந்த ஆத்திரத்தில் இங்கே உட்கார்ந்துதான் முதலில் ஏதோ தட்டியிருந்தாராம். அப்புறம் வீட்டில் போனில் புதிதாக ஆரம்பித்துவிட்டார்.

கணினியில் செயலியைத் திறந்தோம். போனில் மறுபடி நிறுவியதால் இந்தக் கணினியின் இணைப்பு அறுந்துவிட்டது என்றும், மீண்டும் இணைக்க இங்கே அழுத்தவும் என்றும் ஒரு பட்டை தெரிந்தது. அழுத்தவும் என்று எங்கே பார்த்தாலும் அழுத்திவிடும் கை என்னுடையது. மவுஸ் பக்கம் போனது.

"தொடாதீங்க!" லாக்கு போட்ட சத்தத்தில் பக்கத்து வரிசையே திரும்பியது. "மறுபடி இணைச்சா இதுல இருக்கிற பழசையெல்லாம் துடைச்சிட்டுத்தான் புதுசா ஆரம்பிக்கும். அப்படியே விட்டுட்டுத் தங்கச்சி பக்கத்தை மட்டும் திறங்க."

திறந்தோம். பெட்டிக்குள் இருந்தது:

"பாப்பா, அப்பாதான் உன்னை வர வேணாம்னு சொன்னார்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. எல்லார் முன்னாலயும் உன்னைத் துரத்தினேன். தப்பு என்னோடது. உன்னைப் பார்க்கணும்."

அவ்வளவுதான். அக்கா அதைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இது சும்மா கிறுக்கினது. போன்ல இருந்ததைப் பாத்திருக்கணும் நீ. அன்றைய சூழ்நிலையில் ஏற்பட்ட மன உளைச்சலைப் புரிந்துகொள்வாய் என நம்புகிறேன்னு எவ்வளவு அழகா முடிச்சிருந்தேன்!"

"அக்கா, அது தங்கச்சிக்கு எழுதினதா, வாடிக்கையாளருக்கா?" என்று கேட்டேன். எனக்குக் கோபமே வந்துவிட்டது. நல்லவேளை அது தொலைந்தது என்று வாய்விட்டே சொன்னேன். லாக்கு தன் செருப்பை ஆராய ஆரம்பித்தார்.

இணைப்பு அறுந்த கணினியிலிருந்து அனுப்ப முடியாது. அக்கா போனைக் கையில் எடுத்து, கணினித் திரையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். 'தப்பு என்னோடது' என்ற இடத்தில் விரல் நின்றது. இத்தனை வருஷ வேலையில் அந்தச் சொற்களைத் தட்டாத விரல் அது. தட்டினார். அனுப்பினார்.

போன் உடனே அடித்தது. அக்கா எடுத்துக் காதில் வைத்தார். தங்கையின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அப்பா சொன்னதை அன்னைக்கே உன்கிட்ட சொல்லத்தான் வாயைத் திறந்தேன்க்கா. நீ விடல."

"ஆமாடி" என்றார் அக்கா. "நான் விடல."

அந்தப் பக்கம் அழுகிற சத்தம். இந்தப் பக்கமும்தான். எங்கள் கணினிகளில் புகார்கள் வந்து குவிந்தபடி இருந்தன. வருந்த ஒருவரும் இல்லை.

"பெட்டியெல்லாம் கட்டியாச்சா?" அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"எங்க? எல்லாம் இறைஞ்சு கிடக்கு."

"இரு, வரேன்" என்று அக்கா பையைத் தேட ஆரம்பித்தார்.