கேபினில் எழுதிய சாவி

லாரி ஓட்டும் என் கணவருக்கு ஞாபகசக்தி இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நாமக்கல்லிலிருந்து நாக்பூர் வரை எந்த டோல்கேட்டைத் தாண்டினால் டீ நன்றாக இருக்கும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். ஏடிஎம்மின் நான்கு எண் மட்டும் மண்டையில் நிற்காது. மூன்று முறை கார்டு லாக்காகி, வங்கியில் அவருக்காக நான் அசடு வழிந்திருக்கிறேன்.

அதனால்தான் அவருடைய சாட் பேக்கப்புக்குப் பூட்டுப் போடும்போது பாஸ்வேர்டு வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். பூட்டு அவசியமாகத்தான் இருந்தது. அவர் போனில் இருந்த மெயில் கணக்கை ஆரம்பித்துக் கொடுத்தவர் எங்கள் ஊர் செல்போன் கடைக்காரர். அதன் பாஸ்வேர்டு கடைக்காரருக்கு மனப்பாடம், எங்களுக்குத்தான் தெரியாது. பேக்கப் போய் உட்காருவதும் அதே கணக்கில்தான். லைசென்ஸ், ஆதார், ஆர்சி எல்லாம் படம் படமாகச் சாட்டில் கிடக்க, கதவைத் திறந்துபோட்டுத் தூங்க எனக்கு மனம் வரவில்லை.

செட்டிங்ஸில் போய்ப் பார்த்தேன். பாஸ்வேர்டு வைக்கலாம், இல்லையென்றால் எண்ணும் எழுத்துமாக அறுபத்து நான்கு கொண்ட சாவி ஒன்றை அதுவே தரும். இரண்டாவதைத் தட்டினேன். நான்கு நான்காகப் பதினாறு கட்டாக வந்தது. தொலைத்தால் நாங்களும் திறந்து தர முடியாது என்று கீழேயே எழுதியிருந்தார்கள்.

“ஏனுங்க, இதெ எப்பவும் உங்க கண்ணுல படற எடத்துல எழுதி வெச்சுக்கோங்க” என்றேன்.

“செரி புள்ள” என்றார். எங்கே எழுதினார் என்று நான் கேட்கவில்லை. என் கெட்டிக்காரத்தனம் அதோடு முடிந்தது.

போன மாசம் ராய்ப்பூரில் லோடு இறக்கும்போது போனை டயர் மேல் வைத்துவிட்டு, அப்படியே வண்டியைப் பின்னால் எடுத்திருக்கிறார். பதினாறு டன் வண்டி ஏறி இறங்கியதும் அது போன் என்று சொன்னால்தான் தெரியும். ஊருக்கு வந்ததும் எஃப்சி தகுதிச் சான்றுக்காக லாரியைப் பெயிண்ட் ஷெட்டில் விட்டார். அதே நம்பருக்கு சிம் வாங்கி, புதுப் போனில் போட்டு, பழைய மெயில் கணக்கையும் அந்தக் கடைக்காரரிடமே திறந்து வாங்கி என் முன்னால் வைத்தார். பேக்கப் இருக்கிறது என்று காட்டியது. அடுத்தாற்போல் சாவியைக் கேட்டது.

பழைய போன் உயிரோடு இருந்திருந்தால் கவலையே இல்லை. அதில் ஸ்கிரீன் லாக்கைத் திறந்து உள்ளே போய்ப் பூட்டையே மாற்றியிருக்கலாம். அது ராய்ப்பூர் மண்ணோடு மண்ணாகிவிட்டது.

“சாவி எங்கீங்க?”

“கேபின்ல. கண்ணாடிக்கு மேல, சாமி படத்துக்குப் பக்கத்துல. மார்க்கர்ல பெருசா எழுதியிருக்கறேன். நீதான கண்ணுல படற எடத்துல எழுதச் சொன்ன.”

“கேபின் எங்கீங்க?”

அவர் முகம் வெளுத்தது. எஃப்சி பெயிண்ட் என்றால் உள்ளேயும் சுரண்டி, பட்டி பார்த்துத்தான் அடிப்பார்கள். வண்டியை விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது.

அந்தச் சாட்டில் அவருக்கு வேண்டியது லைசென்ஸ் படம் இல்லை. அதை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்பது வருஷ வாய்ஸ் மெசேஜ் அதில்தான் இருந்தது. எங்கள் மகள் மழலையில் பாடியதெல்லாம் என் போனிலிருந்து அவருக்குப் போனவை. என் போனில் இடம் பத்தாமல் வாராவாரம் சாட்டைத் துடைத்துவிடுவேன். ஆக, இந்த உலகத்தில் அந்தக் குரல் இருக்கும் ஒரே இடம் அந்தப் பூட்டிய பேக்கப்தான். “பாப்பா பாட்டு போச்சுன்னா...” என்றபடியே பைக் சாவியை எடுத்தார். எனக்கும் அதே பயம்தான். ஆனாலும் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஷெட் போய்ச் சேரும்வரை திட்டிக்கொண்டேதான் போனேன். பழக்கம்.

லாரி புத்தம் புதிதாக நின்றது. கேபினில் எட்டிப் பார்த்தால் சுவர் முழுக்கப் பச்சை. மார்க்கர் எழுத்தின் வாசனைகூட இல்லை. பெயிண்டர் ஐம்பது வயதுக்காரர், காதில் பென்சில் செருகியிருந்தார்.

“ஏனுங்ணா, கண்ணாடிக்கு மேல கோழி கிளறுன மாதிரி ஒரு எழுத்து இருந்துதுங்களே...”

“இருந்துதுங் அம்மிணி. சொரண்டியாச்சு.”

என் கணவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அட, எதுக்குங்க இப்புடி உக்கார்றீங்க? நீங்க பாத்தது டிரைவர் பக்கம். இந்தப் பக்கம் வந்து பாருங்க” என்றார் பெயிண்டர்.

கிளீனர் சீட்டுக்கு மேலே, பச்சையில் மஞ்சள் எனாமல். நான்கு நான்காகப் பதினாறு கட்டு, ஒவ்வொன்றுக்கும் சிவப்பில் நிழல், சுற்றிலும் கொடி, இரண்டு ஓரத்திலும் தாமரை. எங்கள் கல்யாணப் பத்திரிகைகூட இத்தனை அலங்காரத்தோடு இல்லை.

ஒருமுறை யாரோ ஒரு ஓனரின் குழந்தை பெயரை மறுபடி எழுத மறந்து பெரிய சண்டையாகிவிட்டதாம். அன்றிலிருந்து எந்த வண்டியையும் சுரண்டுவதற்கு முன்னால் உள்ளே இருக்கிற எழுத்தையெல்லாம் போட்டோ எடுத்துக்கொள்வாராம். “பர்மிட் நம்பராட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க. அந்தப் பக்கம் எடம் பத்தல, இங்க மாத்திட்டேன்.”

பெயிண்டர் போனில் இருந்த படத்தையே கேட்டு வாங்கினேன். நான் படிக்க, கணவர் அழுத்தினார். முதல் தடவை தவறு என்றது. நடுவில் ஒரு கட்டை விட்டிருந்தார். அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கி நானே அழுத்தினேன். சாட் திரும்பி வர ஆரம்பித்தது, ஷெட்டில் சிக்னல் நொண்டியதால் வீட்டுக்குப் போய் வைஃபையில் மீதியை இறக்கினோம். கடைசியாக அவர் வீட்டில் இருந்தபோது எடுத்த பேக்கப் என்பதால், அதற்குப் பிந்திய பதினெட்டு நாள் மட்டும் இல்லை.

முதல் வேலையாகப் பழைய பூட்டை எடுத்து, வேறு சாவியோடு புதுப் பூட்டுப் போட்டு, பேக்கப் ஓடி முடியும்வரை காத்திருந்தேன். புதுச் சாவியை இரண்டு தாளில் எழுதினேன். ஒன்று ரேஷன் கார்டு உறையில், இன்னொன்று என் நகைப் பெட்டியில். தாமரைக்கு நடுவில் இருப்பது இனி வெறும் அலங்காரம் என்பதால் அழிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

மகள் பாட்டைக் கேட்கலாம் என்று அவர் ஸ்டார் போட்டு வைத்திருந்த மெசேஜ்களைத் திறந்தேன். நீளமான பட்டியல். பாட்டு இரண்டுதான் இருந்தது. மற்றதெல்லாம் நான்.

“ஏனுங்க, சோறு தின்னதும் ஸ்டீயரிங்கப் புடிக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? தூக்கம் வந்தா ஓரங்கட்டுங்க. லோடு ஒண்ணும் ஓடிப் போயிறாது.” ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில். என் குரல் இத்தனை கரகரப்பு என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

“இதெ எதுக்குங்க வெச்சிருக்கறீங்க?”

அவர் புதுப் போனைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “மத்தியானத்துல கண்ணு சொக்கும்ல. பாப்பா பாட்டப் போட்டா இன்னும் தூக்கம் வருது. உன்றதப் போட்டாத்தான் முழிச்சுக்கறேன்.”

திட்டாமல் எழுந்து போய் அவருக்கு டீ போட்டேன். இருபது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

வண்டி எடுக்கும் அன்று காலையில் போனை என்னிடம் நீட்டினார். “பதினெட்டு நாளு திட்டு போச்சே புள்ள. கெளம்பறதுக்குள்ள ஒரு நாலஞ்சாச்சும் சேத்துப் போடு.”

உட்கார்ந்து, மனதாரத் திட்டினேன்.