வெள்ளிக்கிழமை போகாத கணக்கு

எங்கள் மகளிர் குழுவுக்குப் போன் வந்த அன்றுதான் எனக்கு வயிற்றெரிச்சல் தொடங்கியது. குழு ஆரம்பித்த நாளிலிருந்து சேமிப்பு நோட்டை எழுதியவள் நான். யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்கு எவ்வளவு கடன் பாக்கி என்று கேட்க எல்லாரும் என் வாசலுக்குத்தான் வருவார்கள். அரூரில் இருக்கும் மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு, இனிமேல் நோட்டு வேண்டாம், குழுவுக்கு ஒரு போன், அதிலேயே பதிவு என்று சொல்லிவிட்டது. போனை யார் வைத்துக்கொள்வது என்று கேட்டதும் எல்லாரும் என் ஓரகத்தியைக் கைகாட்டினார்கள். கொழுந்தனின் மனைவி, நேற்றுக் கல்யாணமாகி வந்தவள். பன்னிரண்டாவது வரை படித்தவள், விரல் வேகமாக ஓடும். நானும் சிரித்துக்கொண்டே கைதட்டினேன். உள்ளே எரிந்தது.

வியாழக்கிழமைதோறும் பால் சொசைட்டிக் கட்டடத்தில் கூட்டம் நடக்கும். அவள் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொருவர் பெயரையும் தொட்டுத் தொகையைப் போடுவாள். போட்டுவிட்டு, "உங்களுது நல்லா சேர்ந்திருச்சுங்க அக்கா, பொண்ணு காதுகுத்துக்கு ஆவும்" என்று ஏதாவது சொல்லுவாள். நான் நோட்டு எழுதிய காலத்தில் யார் வீட்டுக் காதுகுத்தைப் பற்றியும் பேசியதில்லை. கூட்டினேன், கையெழுத்து வாங்கினேன், அவ்வளவுதான். இவளிடம் மட்டும் எல்லாரும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து திரையை எட்டிப் பார்ப்பார்கள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கட்டடத்தில் சிக்னல் கிடையாது. போட்ட பதிவெல்லாம் போனிலேயே தங்கிவிடும். வீட்டு மாடிக்குப் போய் 'அனுப்பு' பொத்தானை அழுத்தினால்தான் கூட்டமைப்பின் சர்வருக்குப் போகும். வெள்ளிக்கிழமை காலையிலிருந்துதான் சர்வர் வாங்கும்; அன்று மாலைக்குள் போனால் அந்த வாரக் கணக்கில் சேரும். அதற்குப் பிறகு போனால் தாமதம் என்று விழும்.

அப்போது நாங்கள் கறவை மாட்டுக் கடனுக்கு எழுதிக் கொடுத்திருந்தோம். அது நகரவே இல்லை. ஒரு வியாழக்கிழமை கூட்டமைப்பு மேடம் நேரிலேயே வந்துவிட்டார்.

"சேமிப்பெல்லாம் சரியா இருக்குதுங்க. ஆனா வாரா வாரம் சனிக்கெழமதான் கணக்கு வந்து சேருது. எப்பவும் லேட்டுன்னா கடன் எப்படிங்க போடுவாங்க?"

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பதில் எங்கள் மாமியாரிடமிருந்து வந்தது. அவரும் குழுவில் இருக்கிறார். ஓரகத்தி குடியிருப்பது அவரோடு, நான் தனிக்குடித்தனம்.

"நாந்தான் வேண்டாம்னேன். வெள்ளிக்கெழம வூட்டுல இருந்து யாராச்சும் பணத்த வெளிய அனுப்புவாங்களா?"

"பணம் போவலீங்க ஆயா. அது பேங்க்ல இருக்குது. எழுத்துதான் போவுது" என்றார் மேடம்.

"அந்த எழுத்துல என்னா இருக்குது? பணந்தான?"

யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் தலையாட்டினார்கள். வெள்ளிக்கிழமையில் எங்கள் ஊரில் யாரும் ஒரு ரூபாய்கூடக் கைமாற்று தரமாட்டார்கள்.

ஓரகத்திக்கு விஷயம் தெரியாமல் இல்லை. மாமியாரை மீறி மாடிப்படி ஏறத்தான் அவளுக்குத் தைரியமில்லை. எனக்கு அந்தத் தொல்லை இல்லையே. இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் வராது என்று எழுந்து நின்றேன்.

"போன என்கிட்ட குடுங்க மேடம். வெள்ளிக்கெழம என் வூட்டு மாடியில இருந்து அனுப்புறேன். என் வூட்டு லட்சுமி எங்கயும் போவ மாட்டா."

"அவ வூட்டுல இருந்துன்னா போவட்டும்" என்றார் மாமியார். இப்போது எல்லாரும் சிரித்தார்கள். நான் அதையும் பொறுத்துக்கொண்டேன்.

மேடம் அங்கேயே பேசி முடித்தார். ஓரகத்தி போனை முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தாள். "பாஸ்வேர்ட மாத்திக்கங்க அக்கா" என்றாள். அவள் முகத்தில் கோபம் தேடினேன், இல்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அதன்பிறகு ஒரு வெள்ளிக்கிழமைகூட நான் தவறவிடவில்லை. சில மாதத்தில் கடனும் வந்துவிட்டது. மேடம் போனில் கூப்பிட்டு என்னைப் பாராட்டினார்.

கடன் வந்த அந்த வாரம் கூட்டத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்தான் நடுவில் உட்கார்ந்தேன். ஒவ்வொருத்தியும் வந்தாள், பணத்தைக் கொடுத்தாள், நான் போட்டு முடித்ததும் எழுந்து போனாள். நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை பேரும் மூலையில் ஓரகத்தியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எந்த மாட்டை வாங்கலாம், தவணை எப்படிக் கட்டலாம் என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாகப் பணம் கட்டியவள் மட்டும் போகாமல் என் எதிரிலேயே நின்றாள். என்னவென்று கேட்டேன்.

"அக்கா, அந்தப் போனக் கொஞ்சம் குடுங்க. என் கணக்கு சரியா இருக்குதான்னு அவகிட்டக் காட்டிட்டு வந்துர்றேன்."