ஒன்றரை அங்குலம், எதுவரை?

என் மனைவியின் அண்ணனும் நானும் ஒரே மில்லில் வேலை பார்த்தோம். தாமிரபரணிக் கரையில் இருந்த பஞ்சாலை அது. நான் பட்டறை ஆபீஸில் படம் போடுகிறவன். எந்தச் சாமான் உடைந்தாலும் அதை அளந்து, காகிதத்தில் வரைந்து, அளவு எழுதிக் கொடுக்க வேண்டியது என் பொறுப்பு. மச்சான் டிரில் மிஷின்காரர். நான் எழுதுகிற அளவுப்படி இரும்பில் துளை போடுவார். என்னைவிட ஒரு வயது மூத்தவர். ஆனாலும் எங்களுக்குள் வயதுக்கு மரியாதை கிடையாது. அவர் என்னை "மாப்ளே" என்பார், நான் அவரை "மச்சான்" என்பேன். கோபம் வந்தால் இரண்டு பேருக்கும் "வே"தான்.

புது ராஜா முகம் போட்ட காசு புழங்க ஆரம்பித்திருந்த காலம். என் மனைவி ஒரே தூக்குச்சட்டியில் இரண்டு பேருக்கும் சோறு கட்டிவிடுவாள். மத்தியானம் பட்டறைக்குப் பின்னால் மருதமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவியலில் முருங்கைக்காய் யாருக்கு அதிகம் என்று தினமும் ஒரு வழக்கு நடக்கும். "என் தங்கச்சி கை, எனக்குத்தான் பாத்தியதை" என்று அவர் அள்ளிக்கொள்வார். கல்யாணத்துக்கு முன்னால் எனக்குப் பெண் பார்த்துச் சொன்னதே அவர்தான் என்பதால் நானும் விட்டுக்கொடுத்துவிடுவேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு பேரிங் மூடிக்கு வேலை வந்தது. துளையின் ஆழம் ஒன்றேகால் அங்குலம் என்று எழுதிக் கொடுத்தேன். இது அடுத்த பக்கம் வெளியே வராத துளை. குருட்டுத் துளை என்போம். அதற்குள் திருகு மரை வெட்டி ஸ்டட்டை முடுக்க வேண்டும். ஸ்டட் என்பது தலையில்லாத திருகாணி. அது ஒரு அங்குலம் உள்ளே இறங்க வேண்டும். முடுக்கிப் பார்த்தால் முக்காலே அரைக்காலில், அதாவது எட்டில் ஏழு அங்குலத்திலேயே, இறுகி நின்றுவிட்டது.

காரணம் டிரில்லின் முனை. டிரில்லின் அடி தட்டையாக இருக்காது, கூம்பாக இருக்கும். அதனால் துளையின் அடியும் கூம்பாகவே முடியும். அந்தக் கூம்புக்குள் மரை வெட்ட முடியாது. மச்சான் ஒன்றேகால் அங்குலத்தைக் கூம்பின் நுனிவரை கணக்கிட்டுவிட்டார். நேரான துளை அதைவிடக் குறைந்துபோயிற்று.

"கூம்பை யாருவே கணக்குல சேத்தா?" என்று பட்டறையில் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டேன். "ஆழம்னா நேரா இருக்க எடம் மட்டுந்தான். கூம்பு அதுக்குக் கீழ தனி."

மச்சான் துளையை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். நாலு பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

கார்த்திகையில் பாய்லருக்குத் தண்ணீர் தள்ளுகிற பம்பின் சிலிண்டர் வெடித்துவிட்டது. புது வார்ப்பு தூத்துக்குடிக்குக் கப்பலில் வந்து, அங்கிருந்து ரயிலில் வந்து, கடைசியில் மாட்டு வண்டியில் வந்து இறங்கியது. வேறு உதிரி கிடையாது. அதன் முகத்தில் எட்டு ஸ்டட்டுக்குத் துளை போட வேண்டும். அந்த முகத்துக்கு நேர் கீழே தண்ணீர் ஓடுகிற வழி. இடையில் இருந்த இரும்பு ஒன்றேமுக்கால் அங்குலம். தண்ணீர் வழிக்கு மேலே கால் அங்குலமாவது கெட்டி இரும்பு நிற்க வேண்டும் என்று இன்ஜினியர் துரை சொல்லியிருந்தார். ஒன்றேமுக்காலில் கால் போனால் ஒன்றரை. படத்தில் "ஆழம் ஒன்றரை அங்குலம்" என்று எழுதிக் கொடுத்தேன். என் மனசில் அது கூம்பின் நுனிவரைக்குமான ஆழம்.

டிரில்லில் ஒரு பித்தளை வளையத்தைத் திருகி இறுக்கிக்கொள்வார் மச்சான். வளையம் வந்து இரும்பில் முட்டினால் ஆழம் சரி என்று அர்த்தம். ஆகவே அந்த வளையத்தை எங்கே இறுக்குகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அவரைக் கூப்பிடப் போனபோது முதல் துளை முடிந்திருந்தது. சும்மா ஒரு கம்பியை உள்ளே விட்டு, விரல் நகத்தால் அடையாளம் பிடித்து, அடிக்கோலில் வைத்துப் பார்த்தேன். ஒன்றரையே மூன்று வீசம். அதாவது ஒன்றரை அங்குலத்துக்கு மேலே பதினாறில் மூன்று.

"மச்சான், வளையத்த எங்கேருந்து அளந்து வச்சீரு?"

"தோள்லேருந்து." கூம்பு முடிந்து டிரில் நேராக ஆரம்பிக்கிற இடத்தைத் தோள் என்பார். "கூம்பு தனின்னு நீருதான சொன்னீரு?"

மனசுக்குள் கணக்குப் போட்டேன். டிரில்லின் விட்டம் அரையே அரைக்கால், அதாவது எட்டில் ஐந்து அங்குலம். அந்தக் காலத்தில் பெட்டியில் வந்த டிரில்களுக்கெல்லாம் முனை ஒரே சாய்வு. நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு ஐம்பத்தொன்பது பாகை. அந்தச் சாய்வுக்குக் கூம்பின் உயரம் விட்டத்தில் பத்தில் மூன்று பங்கு. அரையே அரைக்காலுக்கு மூன்று வீசம். ஒன்றரையும் மூன்று வீசமும் போனால் ஒன்றேமுக்காலில் மிச்சம் நிற்பது ஒரே ஒரு வீசம் இரும்பு.

"பத்துல மூணா? அதெப்படி காகிதத்த வச்சுச் சொல்லுதீரு?" என்று கேட்டார். நான் வாய்பாட்டைக் காட்டினேன். நம்பவில்லை. ஒரு மெழுகுவர்த்தியை உருக்கி, துளைக்குள் எண்ணெய் தடவி ஊற்றினார். ஆறியதும் மெதுவாக இழுத்து எடுத்தார். வெள்ளைக் குச்சி ஒன்று, கீழே கூர்மையாக வந்தது. கூம்பை மட்டும் அளந்தார். மூன்று வீசம். கொஞ்ச நேரம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னிக்கு நுனிவரைக்கும் அளந்தேன், தப்புன்னீரு. இன்னிக்குத் தோள்லேருந்து அளந்தேன், அதுவும் தப்புங்கீரு. நான் என்னதாம்வே செய்யணும்?"

"எந்த வேலைக்கு எதுன்னு யோசிக்கவேண்டாமா?" என்று நானும் கத்தினேன். அன்றைக்கு அவர் சோறு சாப்பிட வரவில்லை. மருதமரத்தடியில் முருங்கைக்காய் முழுவதும் எனக்கே கிடைத்தது. ஒன்றுகூட இறங்கவில்லை.

சாயங்காலம் தூக்குச்சட்டியில் பாதி அப்படியே திரும்பி வந்ததைப் பார்த்து மனைவி கேட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போது நியாயமெல்லாம் என் பக்கம் இருக்கிற மாதிரியே சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஒண்ணர அங்குலம்னு எழுதினீங்க, சரி. எதுவரைக்கும்னு எழுதினீங்களா?"

"அது அவருக்குத் தெரியவேண்டாமா?"

"போன மாசம் தனின்னு சொன்னது நீங்க. இந்த மாசம் சேத்துன்னு நெனச்சதும் நீங்க. நீங்க நெனச்சது அண்ணனுக்கு எப்படித் தெரியும்?"

அவள் ஜெயித்த முகத்தோடு பார்க்கவில்லை. நறுக்கிய காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் சங்கு ஊதுவதற்கு முன்பே இன்ஜினியர் துரையின் அறைக்குப் போனேன். தப்பு என் படத்தில் என்று சொல்லிவிடுவது என்று தீர்மானம். கதவைத் திறந்தால் மச்சான் உள்ளே நிற்கிறார். தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு, தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையில் தடுமாறிக்கொண்டிருந்தார். "மை மிஸ்டேக், சார். ரிங் மை மிஸ்டேக்."

"இல்லை சார், படம்தான் தப்பு" என்று நான் நடுவில் புகுந்தேன்.

"நீரு சும்மா இரும்வே. பிள்ளைத்தாச்சிக்காரி புருசன். வேல போச்சுன்னா எந்தங்கச்சி என்ன செய்வா?" என்று அவர் தமிழில் என்னை அதட்டினார். அப்போது என் மனைவிக்கு ஐந்தாம் மாசம்.

துரை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தப்பை ஒருத்தர் தலையில் ஒருத்தர் போடுவதைத்தான் அவர் பார்த்திருப்பார். இரண்டு பேர் ஒரே தப்புக்குப் போட்டிபோடுவது அவருக்குப் புதிது போலிருக்கிறது. மீசையைத் தடவிக்கொண்டு, படத்தைக் கொண்டுவரச் சொன்னார். பார்த்தார். பென்சிலால் "ஒன்றரை" என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். அவ்வளவுதான். பிறகு, வார்ப்பைத் தண்ணீர் விட்டுச் சோதிக்கச் சொன்னார்.

சிலிண்டரை மற்ற பக்கங்களில் அடைத்து, கைப்பம்பால் தண்ணீர் ஏற்றினோம். அழுத்தம் ஏற ஏற மச்சான் குனிந்து அந்தத் துளைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி அழுத்தத்தில், கூம்பின் நுனியில் வேர்வை மாதிரி ஒரு துளி துளிர்த்தது. துடைத்தார். மறுபடியும் துளிர்த்தது.

"அழுவுது, மாப்ளே" என்றார் மெல்ல. முந்தின நாளுக்குப் பிறகு கோபமில்லாமல் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அதற்கு வழியையும் அவர்தான் கண்டுபிடித்தார். துளை அளவுக்கு மேல் ஆழமாக இருந்ததல்லவா, அந்த ஆழத்தையே பயன்படுத்திக்கொண்டார். முடிந்தவரை அடிவரைக்கும் மரை வெட்டினார். கால் அங்குல உயரத்தில் மரை போட்ட ஒரு அடைப்பைச் செய்து, ஈயச் செந்தூரம் குழைத்துப் பூசி, அடியில் முடுக்கினார். அடைப்பு மரையில்தான் பிடித்து நிற்க வேண்டும், மெல்லிய கூம்பில் போய் முட்டக் கூடாது என்பதற்காக அதன் மூக்கை ராவிக் குறைத்தார். அதற்கு மேலே ஸ்டட் ஒரு அங்குலம் இறங்க இடம் தாராளமாக இருந்தது. இரண்டு நாள் காயவிட்டு, ஓடுகிற அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கு ஏற்றினோம். துளை காய்ந்தே கிடந்தது.

மிச்சம் ஏழு துளைக்குப் புதுப் படம் போட்டேன். இந்தத் தடவை துளையைப் பக்கவாட்டில் வெட்டினாற்போல் வரைந்து, அடியில் கூம்பையும் வரைந்து, இரண்டு அளவு எழுதினேன். நுனிவரை ஒன்றரை. தோள்வரை ஒன்றேகாலே வீசம். ஸ்டட்டுக்கும் போதும், கீழே கால் அங்குல இரும்பும் நிற்கும். மச்சான் படத்தை வாங்கி, முனையிலிருந்து ஒன்றரை அளந்து வளையத்தை இறுக்கினார். இறுக்கியவர் மிஷினை ஓட்டவில்லை.

"இங்கன வாரும். நீரும் ஒருக்கா அளந்து பாரும்."

அளந்தேன். சரியாக இருந்தது. அவர் பெல்ட்டைத் தள்ளி மிஷினை ஓட்டினார். இரும்புத்தூள் பொலபொலவென்று உதிர்ந்தது. ஏழு துளையும் அன்று சாயங்காலத்துக்குள் முடிந்தன. ஒவ்வொன்றிலும் நான் கம்பி விட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் பக்கத்தில் நின்று, "என்ன, நுனிவரைக்குமா, தோள்வரைக்குமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி பட்டறை முழுக்கப் பரவி, கொஞ்ச நாள் என்னைக் கண்டாலே எல்லோரும் அதையே கேட்டார்கள். நாலு பேர் முன்னால் நான் போட்ட சத்தத்துக்கு அதுவே தண்டனை என்று வைத்துக்கொண்டேன். அதற்காக அவரிடம் மன்னிப்பும் கேட்டேன். "அத அன்னைக்கே மறந்துட்டேன்" என்றார். மறந்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சொன்னார்.

பம்பு தை மாசம் ஓட ஆரம்பித்தது. நான் அந்த மில்லை விட்டு வருகிறவரைக்கும் அந்தத் துளை அழவில்லை. சித்திரையில் எங்களுக்குப் பெண் பிறந்தது. தகவல் கேட்டு மச்சான் மிஷினை நிறுத்தாமலேயே ஓடிவந்துவிட்டார் என்று பின்னால் சொன்னார்கள். குழந்தையை வாங்கி, எண்ணெய்க் கறை போகாத அந்தக் கையால் பைய அதன் தலையைத் தாங்கிக்கொண்டு, நெடுநேரம் நின்றுகொண்டிருந்தார்.