பதினாறாவது நிறமூர்த்தம்

அவரைப் பழிவாங்க வேண்டும் என்று நான் நினைத்தேன். அதைச் சொல்ல இன்றும் எனக்கு வெட்கமில்லை. அவர் எங்கள் பல்கலைக்கழகத்தில் மூத்த விரிவுரையாளர். நான் அவருடைய ஆய்வுகூடத்தில் தற்காலிக உதவியாளர்.

மருதனார்மடச் சந்தையில் சின்ன வெங்காயம் வாங்கி வந்து, தண்ணீரில் வேர்விட வைத்து, வேர்நுனியை வெட்டிச் சாயமேற்றி, கண்ணாடித்தட்டில் கட்டைவிரலால் நசுக்கிப் பார்ப்பதுதான் என் வேலை. வெங்காய வேரின் ஒவ்வொரு கலத்திலும், அதாவது செல்லிலும், பதினாறு நிறமூர்த்தங்கள், குரோமோசோம்கள். கலம் பிரியும்போது அவற்றை இழுக்கும் கதிர்நார்களை கொல்கிசின் என்ற மருந்து குலைத்துவிடும். மருந்தை மிகக் கொஞ்சமாக விட்ட ஒரு வேரில் விசித்திரமான கலம் ஒன்று கண்டேன். பதினைந்து நிறமூர்த்தங்கள் நடுவில் வரிசையாக நின்றன. பதினாறாவது ஓர் ஓரத்தில் தனியாகக் கிடந்தது. சந்தோஷத்தில் படமெடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

அவர் மாணவர்கள் முன்னிலையில் பார்த்தார். "உமக்கென்ன பிள்ளை, உலக்கைக் கையோ? நசுக்கின நசுக்கிலை ஒண்டு தெறிச்சுப்போச்சு. உதையெல்லாம் கொண்டு வராதையும்" என்றார். மாணவர்கள் சிரித்தார்கள். அன்று சாவகச்சேரி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தேன். அடுத்த வாரம் படிக்கட்டில் யாரோ "உலக்கை அக்கா" என்று சொன்னதும் காதில் விழுந்தது.

அந்தக் கோபத்தில் இன்னும் எத்தனையோ வேர்களை நசுக்கினேன். மெதுவாக நசுக்கினாலும் அதே மாதிரிக் கலங்கள் வந்தன. மருந்தைக் கழுவி, வேர்களை நல்ல தண்ணீரில் சில மணித்தியாலங்கள் விட்டுப் பார்த்தால் அவை குறைந்து, பிரிந்து விலகும் கலங்கள் கூடின. எனவே அவை என் கையால் கெட்ட கலங்கள் அல்ல, காத்து நின்ற கலங்கள். ஒவ்வொரு நிறமூர்த்தத்திலும் கதிர்நார் பிடிக்கும் இடம் இரண்டு உண்டு, கைனற்றோகோர் என்று பெயர். இரண்டையும் எதிரெதிர் முனைகளிலிருந்து வரும் நார்கள் பிடிக்க வேண்டும். தப்பாகப் பிடித்தால் இழுவிசை இராது, பிடி கழன்று மறுபடி முயலும். பிடிபடாத ஒரு கைனற்றோகோர் இருந்தாலே போதும், அது தடுப்புப் புரதங்களை உண்டாக்கிக் கலம் முழுவதையும் நிறுத்தி வைக்கும். அதுவரை ஒவ்வொரு நிறமூர்த்தத்தின் இரண்டு சகோதரி இழைகளையும் ஒட்டிவைத்திருக்கும் பசை வெட்டப்படாது. பதினைந்து தயாராக இருந்து என்ன, ஒன்றுக்காக எல்லாம் நிற்கும்.

சில மாதம் கழித்து அவர் தம் பதவியுயர்வு உரைக்கான படங்களை ஒழுங்குபடுத்தித் தரும்படி என்னிடம் கொடுத்தார். ஏழாவது படம் அன்று அவர் பழித்த என்னுடைய படம். கீழே "பின்தங்கிய நிறமூர்த்தம், மேன்முக அவத்தை" என்று எழுதி, தம் பெயரையும் போட்டிருந்தார். மேன்முக அவத்தை என்றால் சகோதரி இழைகள் பிரிந்து விலகத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். இந்தக் கலத்தில் ஒன்றுகூடப் பிரியவில்லை. ஒரு சொல் சொல்லித் திருத்தியிருக்கலாம். நான் எழுத்தின் அளவை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தேன், பின்வரிசைக்கும் தெரியட்டும் என்று.

உரை நாளன்று வெளியிலிருந்து மதிப்பீட்டுக்கு வந்த பேராசிரியை முன்வரிசையில் இருந்தார். அவர் நம் ஆள்தான், தமிழிலேயே கதைத்தார். கேள்வி நேரத்தில் எழும்பினேன்.

"சேர், உந்தக் கலம் மேன்முகத்திலையோ நிக்குது?"

"ஓம். அவசரப்பட்டுப் பிரிய வெளிக்கிட்ட கலம்."

"அப்ப சகோதரி இழைகள் பிரிஞ்சிருக்க வேணுமே? எண்ணிப் பாருங்கோ, பதினாறும் சோடியாத்தான் இருக்கு. ஒண்டு பிடிபடாதபடியால் கலம் இன்னும் பிரிய வெளிக்கிடேல்லை."

அவர் திரையைப் பார்த்தார். பிறகு, "அது நசுக்கேக்கை தெறிச்சிருக்கும்" என்றார்.

நான் காத்திருந்தது இதற்குத்தான். "அப்ப சேர் இவ்வளவு நேரமும் ஆரோ ஒராளின்ரை கட்டைவிரலைப் பற்றியோ கதைச்சனீங்கள்?"

சபை சிரித்தது. அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். என் மனம் குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பேராசிரியை சிரிக்கவில்லை. மருந்தைக் கழுவிப் பார்த்தேனா, பிறகு என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார். சொன்னேன். பிறகு படத்தின் கீழே இருந்த பெயரை வாசித்துவிட்டு விரிவுரையாளர் பக்கம் திரும்பினார்.

"உந்த வேலை ஆர் செய்தது?"

"எங்கடை ஆய்வுகூடப் பிள்ளைதான்" என்றார் அவர்.

"பெயர்?"

அவர் வாயைத் திறந்தார். மூன்று வருடம் அவருக்கு அடுத்த மேசையில் இருந்தவள் நான். என்னுடைய விடுமுறைப் படிவங்களில் எல்லாம் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டவர். அவர் என்னைப் பார்த்தார். சொல்லித் தா என்று கெஞ்சும் பார்வை அது. முழு மண்டபமும் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு கதிரையில் அமர்ந்தேன்.